நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம், குப்பை அள்ளாத தெரு: ஐந்துக்கு இரண்டரை ஏன்?

மல்லிகா_அம்மா

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தமிழில் ஒரு பயிற்சித்தாள். கேள்வி இதுதான்: "உங்கள் தெருவில் பல நாள்களாகக் குப்பை அகற்றப்படாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக. உங்கள் பெயர் யாழினி, முகவரி 12, பூங்கா தெரு, 7ஆவது வார்டு எனக் கொள்க." ஐந்துக்கு இரண்டரை போட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை என்று எதையும் சுழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "யாருக்கு எழுதுகிறாய்?" என்று மட்டும் இருக்கிறது. அதுதான் பெறுநர் என்று தெளிவாக எழுதியிருக்கிறாளே என்று எனக்குக் குழப்பம். அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

> அனுப்புநர்
> யாழினி,
> 12, பூங்கா தெரு,
> 7ஆவது வார்டு.
>
> பெறுநர்
> ஆசிரியர் அவர்கள்,
> நாளிதழ் அலுவலகம்.
>
> ஐயா,
> பொருள்: குப்பைகளை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.
>
> வணக்கம். எங்கள் பகுதியில் குப்பைகள் மலைபோல் குவிந்துள்ளன. இதனால் துர்நாற்றம் வீசுகிறது. கொசுக்கள் பெருகி மலேரியா, டெங்கு, காலரா போன்ற நோய்கள் பரவுகின்றன. சுத்தம் சோறு போடும் என்பது பழமொழி. அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே தாங்கள் உடனடியாக எங்கள் பகுதிக் குப்பைகளை அகற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> யாழினி.
>
> இடம்: பூங்கா தெரு
> நாள்: 18.11.2024

டியூஷன்_ரவி

மேடம், நான் டியூஷன் எடுக்கிறேன், இந்த மாதிரித் தாள் எத்தனையோ பார்த்தாச்சு. முதல் குறை, உறைமேல் முகவரி இல்லை. கடிதம் முடிந்த பிறகு ஒரு கட்டம் போட்டு, அஞ்சல்தலை ஒட்டும் இடத்துக்கு மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, பெறுநர் முகவரியைத் திரும்ப எழுத வேண்டும். அதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு, நிறையப் பிள்ளைகள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, வெறும் "ஐயா" போதாது, "மதிப்பிற்குரிய ஐயா" என்று இருக்க வேண்டும். நாள் கீழே போட்டதும் தப்பு, மேலே வலது பக்கம்தான் வர வேண்டும். பழமொழி எழுதியது நல்லது, ஒரு திருக்குறளும் சேர்த்திருந்தால் இன்னும் அரை மதிப்பெண் விழுந்திருக்கும். உள்ளே எழுதியிருக்கும் விஷயத்தில் குறையே இல்லை.

கார்த்தி_வடசென்னை

அக்கா, நாளிதழுக்கு எழுதுவதெல்லாம் வேலைக்கு ஆகாது, நான் பட்டுச் சொல்கிறேன். எங்கள் தெரு முனையில் தொட்டி நிரம்பி வழிந்து, மாடும் நாயும் இழுத்துப் போட்டு, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ரோட்டுக்கு நடுவில் இறங்கி நடக்க வேண்டிய நிலை. சென்னை என்றால் 1913 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வண்டி வரும். உங்கள் ஊர் நகராட்சி என்றால் சுகாதார ஆய்வாளரை நேரில் பாருங்கள். கவுன்சிலர் நம்பர் இருந்தால் அவரிடமும் போட்டோவை அனுப்பிவிடுங்கள். எத்தனை நாளாக அள்ளவில்லை?

மல்லிகா_அம்மா

தம்பி, எங்கள் தெருவில் குப்பையே இல்லை :) இது பாடப் பயிற்சி. பூங்கா தெருவும் கேள்வித்தாளில் கொடுத்ததுதான்.

கார்த்தி_வடசென்னை

ஓ சரி சரி. ஆனால் எங்கள் தெருவில் நிஜமாகவே இருக்கிறது.

ஓய்வு_தமிழாசிரியர்

ஆசிரியை எழுதிய அந்த ஒரு வரியிலேயே எல்லாம் இருக்கிறது அம்மா. பெறுநர் என்ற இடத்தில் நாளிதழ் ஆசிரியர் என்று போட்டுவிட்டு, உள்ளே முழுவதும் நகராட்சி ஆணையரிடம் பேசுகிறாள் உங்கள் மகள். பொருளைப் பாருங்கள்: "குப்பைகளை அகற்ற வேண்டுதல்". கடைசி வேண்டுகோளைப் பாருங்கள்: "தாங்கள் உடனடியாகக் குப்பைகளை அகற்ற ஆவன செய்யுமாறு". நாளிதழ் ஆசிரியர் எதை வைத்து அகற்றுவார்? அவரிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அவரிடம் இருப்பது பத்திரிகையில் கொஞ்சம் இடம். அந்த இடத்தைத்தான் கேட்க வேண்டும். "எங்கள் தெருவின் நிலையைத் தங்கள் நாளிதழில் வெளியிட்டு நகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்" என்று வந்திருந்தால் அந்தச் சிவப்பு வரியே வந்திருக்காது.

இது உங்கள் மகளுக்கு மட்டும் நேர்வது இல்லை. ஆணையருக்கு எழுதும் விண்ணப்பம் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, பெறுநரை மட்டும் மாற்றி எல்லாக் கேள்விக்கும் எழுதிவிடுவார்கள். திருத்தும்போது ஒரு கட்டுத் தாளில் பாதிக்கு மேல் அப்படித்தான் வரும். நான் முதலில் கடைசி வாக்கியத்தைத்தான் படிப்பேன், அதைப் படித்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ரவி சொன்ன உறைமேல் முகவரி சரி, அதற்கு மதிப்பெண் போயிருக்கும். "மதிப்பிற்குரிய" இல்லாததற்கு யாரும் குறைக்க மாட்டார்கள். இடமும் நாளும் கீழே இடப்பக்கம் எழுதுவதுதான் நம் பாடப்புத்தக வழக்கம்.

டியூஷன்_ரவி

சார், ஆங்கிலத் தாளில் நாள் மேலேதானே வருகிறது? சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு அனுப்புநர் முகவரிக்குக் கீழே உடனே தேதி போடச் சொல்லித்தான் நடத்துகிறோம். இரண்டையும் ஒரே பிள்ளை எழுதுகிறபோது ஒரே மாதிரி இருந்தால் என்ன?

ஓய்வு_தமிழாசிரியர்

ஆங்கிலத்தில் அப்படி, தமிழ்த் தாளில் இப்படி. பிள்ளை இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

யாழ்_வாணி

இடையில் புகுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அனுப்புநர் முகவரியையும் திகதியையும் வலப்பக்க மேல் மூலையில்தான் எழுதினோம், "அனுப்புநர்" என்று தலைப்புப் போடும் வழக்கமே எங்களிடம் இருக்கவில்லை. ஆகவே ரவி சொல்வது எங்கோ சரியாகத்தான் இருக்கும். ஆனால் குப்பையை அகற்றும்படி பத்திரிகை ஆசிரியரைக் கேட்டால் எங்கள் ரீச்சரும் விட்டிருக்க மாட்டா.

கடிதமேசை

ஒரு தமிழ் நாளிதழில் வாசகர் கடிதங்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் பல வருடம் இருந்தவன். பள்ளிப் பயிற்சியைப் பத்திரிகைக்காரன் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன், மதிப்பெண் கணக்கு எனக்குத் தெரியாது.

"எங்கள் பகுதியில் குப்பைகள் மலைபோல் குவிந்துள்ளன." எந்தப் பகுதி? எந்த இடத்தில்? எப்போதிலிருந்து? இந்தக் கடிதத்தில் தெருப் பெயர் அனுப்புநர் முகவரியில் மட்டும்தான் இருக்கிறது. அச்சில் போகும்போது முழு முகவரி போகாது, பெயரும் ஊரும்தான் போகும். அப்போது படிக்கிறவருக்கு இது தமிழ்நாட்டில் எந்தத் தெரு என்றே தெரியாது. நகராட்சி அதிகாரி படித்தாலும் "எங்கேயோ இருக்கிறது போல" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதனால் தெரு, வார்டு, அடையாளம் எல்லாம் கடிதத்தின் முதல் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

அதை முதலிலேயே எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம் போதாவிட்டால் நாங்கள் கடிதத்தைக் கீழிருந்துதான் வெட்டுவோம். வணக்கம், நலம், சுத்தம் சோறு போடும் என்று தொடங்கி விஷயத்தைக் கடைசியில் வைத்தால் வெட்டுப்படுவது விஷயம்தான்.

நாளைப் பற்றியும் ஒன்று. "கடந்த வாரம்", "நேற்று முதல்" என்று எழுதக் கூடாது. கடிதம் வந்து சேர்ந்து, மேசையில் கிடந்து, அச்சாகும்போது "நேற்று" என்றைக்கோ ஆகியிருக்கும். தேதியாகவே எழுதுங்கள்.

அப்புறம், "அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை" என்ற வரி. இது கருத்து. "நவம்பர் 6ஆம் தேதி நகராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம், இன்றுவரை வண்டி வரவில்லை" என்றால் அது செய்தி. முதலாவதை நான் வெட்டுவேன், இரண்டாவதை மாவட்ட நிருபரிடம் கொடுத்து நகராட்சியில் கேட்கச் சொல்வேன். உள்ளூர்ப் புகார்கள் பெரும்பாலும் தலையங்கப் பக்கத்துக்குப் போகாது, மாவட்டப் பக்கத்துக்குத்தான் போகும். அங்கே நிருபர் ஒரு படம் எடுத்து, அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் போடுவார். கடிதத்தால் வேலை நடக்கிறது என்றால் பல நேரம் அந்தத் தொலைபேசி அழைப்பால்தான் நடக்கிறது.

சந்தேகராமன்

எல்லாம் சரி, ஆனால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறது. பூங்கா தெருவே கற்பனை. நவம்பர் 6ஆம் தேதி புகார் கொடுத்தோம் என்று எழுதச் சொல்வது பொய் எழுதச் சொல்வது இல்லையா? இல்லாத புகாருக்குத் தேதி போடப் பழக்கிவிட்டு, நாளைக்கு நிஜக் கடிதத்திலும் அதையே செய்தால்?

கடிதமேசை

நல்ல கேள்விதான். யாழினியே கற்பனை, அவளுக்கு வீட்டு எண் கொடுத்தவர்களே தேதியும் வைத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். நிஜக் கடிதத்தில் இட்டுக்கட்டிய தேதி வந்தால் நிருபர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஓய்வு_தமிழாசிரியர்

நான் இதில் சந்தேகராமன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். தேதி கற்பனையாக இருக்கலாம், நோயாளிக் கணக்கு கற்பனையாக இருக்கக் கூடாது. "எங்கள் தெருவில் 40 பேருக்கு டெங்கு" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஐந்து மதிப்பெண் கடிதத்துக்காக ஒரு தெருவையே காய்ச்சலில் படுக்கவைத்துவிட்டான்.

செவிலி_பானு

டெங்கு பற்றிச் சொல்ல வந்தேன். குப்பை குவிந்தால் டெங்கு வரும் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், அந்தக் கடிதத்தில் மலேரியா, டெங்கு, காலரா மூன்றையும் கொசுக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறாள். காலரா கொசுவால் வருவதில்லை, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. டெங்குவைப் பரப்பும் கொசு அழுகிய குப்பையிலோ சாக்கடையிலோ முட்டையிடுவதைவிட, தேங்கி நிற்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். அப்படியானால் குப்பைக்கும் டெங்குவுக்கும் சம்பந்தமில்லையா என்றால், இருக்கிறது. குப்பையோடு கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர், பிளாஸ்டிக் கப் இவற்றில் மழைத் தண்ணீர் நிற்கும், அதுதான் அதற்கு இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நவம்பர் மழையில் இரண்டு வாரம் குப்பை அள்ளாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அதனால் "குப்பையோடு கிடக்கும் டயர்களிலும் கொட்டாங்குச்சிகளிலும் மழைநீர் தேங்கியுள்ளதால் டெங்குக் கொசு பெருகும் என அஞ்சுகிறோம்" என்று எழுதினால் போதும். "அஞ்சுகிறோம்" என்பதால் பொய்க் கணக்கும் வேண்டாம்.

வார்டு_மேஸ்திரி

நான் தூய்மைப் பணியாளர்களை மேற்பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கடிதங்களில் எப்போதும் எங்கள் ஆட்கள்தான் திட்டு வாங்குவார்கள், அதனால் ஒரு வார்த்தை. ஒரு தெருவில் குப்பை நிற்பதற்குப் பல காரணம் இருக்கும். பேட்டரி வண்டி பழுதாகி நின்றிருக்கும். தீபாவளி முடிந்து பட்டாசுக் காகிதமும் அட்டையும் சேர்ந்து அளவு கூடியிருக்கும், ஆனால் ஆள் அதேதான், அதிலும் சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுப்பதால் வாங்க மறுத்திருப்பார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஊசி, பேட்டரி மாதிரி ஆபத்தானவை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. வீடு வீடாக வந்து வாங்குவது உள்ளாட்சியின் பொறுப்பு என்பதும் அதே விதிகளில்தான் சொல்லப்பட்டது. இரண்டு பக்கமும் கடமை.

ரொம்ப இடங்களில் தெருத் தொட்டியை எடுத்துவிட்டோம். தொட்டி இருந்த இடத்திலேயே ராத்திரியில் வந்து பையை வீசிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் அதைப் பார்த்து "குப்பைத் தொட்டி வைக்கவில்லை" என்று கடிதம். பிள்ளையை "தொட்டி வேண்டும்" என்று எழுத விடாதீர்கள், வண்டி ஒழுங்காக வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

கார்த்தி_வடசென்னை

அண்ணா, வண்டி நாங்கள் வேலைக்குப் போன பிறகு வந்தால் குப்பையை யாரிடம் கொடுப்பது? அதனால்தான் ராத்திரி போடுகிறார்கள்.

வார்டு_மேஸ்திரி

நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், சில தெருவில் மாற்றியிருக்கிறோம். எல்லாத் தெருவுக்கும் காலை ஆறு மணிக்கு வண்டி வர முடியாது, அது தீராத பிரச்சினைதான் தம்பி.

மல்லிகா_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகளோடு உட்கார்ந்து திரும்ப எழுத வைத்தேன். முகவரி, உறை எல்லாம் போட்டுவிட்டாள், அதை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் இங்கே தருகிறேன். பூங்கா தெருவில் ஒரு நூலகம் இருப்பதாக அவளே வைத்துக்கொண்டாள்.

> பொருள்: பூங்கா தெருவில் குப்பை அகற்றப்படாத நிலையைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.
>
> வணக்கம். எங்கள் நகராட்சியின் 7ஆவது வார்டு, பூங்கா தெருவில் கிளை நூலகத்துக்கு எதிரே 1.11.2024 முதல் குப்பை அகற்றப்படவில்லை. தீபாவளிக்கு மறுநாளிலிருந்து குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு வருவதில்லை. குப்பை சாலையின் பாதி வரை பரவியுள்ளதால் நூலகத்துக்கும் பள்ளிக்கும் செல்வோர் சாலை நடுவே நடக்க வேண்டியுள்ளது. குப்பையோடு கிடக்கும் டயர்களிலும் கொட்டாங்குச்சிகளிலும் மழைநீர் தேங்கியுள்ளதால் டெங்குக் கொசு பெருகும் என அஞ்சுகிறோம்.
>
> தெரு மக்கள் 6.11.2024 அன்று நகராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் அளித்தோம். இன்றுவரை நடவடிக்கை இல்லை. குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க நாங்கள் தயாராக உள்ளோம். வண்டி நாள்தோறும் வர வேண்டும் என்பதே எங்கள் தேவை.
>
> ஆகவே, இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிட்டு, நகராட்சி அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"சுத்தம் சோறு போடும்" போய்விட்டதில்தான் அவளுக்கு வருத்தம்.

கடிதமேசை

இது என் மேசைக்கு வந்திருந்தால் பெரிதாகக் கை வைக்க மாட்டேன். "பாதி வரை" என்று சொன்னது நல்ல இடம், மலைபோல் என்பதைவிட அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இடம் குறைந்தால் தரம் பிரிக்கும் வரியை எடுத்துவிடுவேன், மேஸ்திரி கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒன்று மட்டும். நிஜமாக அனுப்புகிறபோது தொலைபேசி எண்ணும் வேண்டும். அச்சில் போடுவதற்கு இல்லை, எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. பெயரில்லாத கடிதத்தை நாங்கள் போட மாட்டோம். "ஒப்பந்ததாரர் பணம் தின்றுவிட்டார்" மாதிரி வரி இருந்தால் பெயர் இருந்தாலும் போட மாட்டோம், ஆதாரமில்லாமல் அச்சடித்தால் அவதூறு வழக்கு எங்கள் மேல்தான் வரும்.

ஓய்வு_தமிழாசிரியர்

பரிட்சையில் அதற்கு நேர்மாறு. தொலைபேசி எண், சொந்தப் பெயர், சொந்தப் பள்ளி எதுவும் விடைத்தாளில் வரக் கூடாது, கேள்வியில் கொடுத்த பெயரைத்தான் எழுத வேண்டும். பெயர் கொடுக்காவிட்டால் "அ அ அ" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. உறைமேல் முகவரியிலும் பிள்ளைகள் பழக்கத்தில் தங்கள் சொந்த ஊரை எழுதிவிடுவார்கள், அங்கே கொஞ்சம் கவனம்.

"இடம்: பூங்கா தெரு" என்று முதல் தாளில் போட்டிருந்தாளே, அங்கே ஊர்ப் பெயர் வருவதுதான் வழக்கம். கேள்வியில் ஊரே கொடுக்கவில்லை என்பதால் நான் குறைக்க மாட்டேன். வேறு யாராவது திருத்தினால் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

டியூஷன்_ரவி

நல்ல கடிதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு குறள் இருந்திருக்கலாம். சிலர் அதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு_தமிழாசிரியர்

போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கட்டுரையில் போடட்டும். முறையீட்டுக் கடிதத்தில் குறள் வந்தால் எனக்கு அது இடத்தை நிரப்ப வந்தது போலத்தான் படும்.

புதுவரவு_செல்வி

இழை முழுவதும் படித்தேன், உதவியாக இருந்தது. என் பையனுக்கு வந்த கேள்வி "தெருவில் பழுதான மின்விளக்கைச் சரிசெய்ய மின்வாரிய அலுவலருக்குக் கடிதம்". அதிலும் "நாளிதழில் வெளியிட" என்று எழுத வேண்டுமா?

ஓய்வு_தமிழாசிரியர்

வேண்டாம் அம்மா. அந்தக் கேள்விப்படி பெறுநரே வேலையைச் செய்ய வேண்டியவர், அவரிடம் "சரிசெய்து தர வேண்டுகிறேன்" என்று நேராகக் கேட்கலாம். மின்கம்பத்தின் எண்ணை மட்டும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள், லைன்மேன் அதை வைத்துத்தான் கம்பத்தைக் கண்டுபிடிப்பார்.